குளத்து மீனில் மண்வாடை

"ஏரி கட்லா வாங்கினேன். உப்புப் போட்டு நாலு தடவை கழுவியும், வறுத்தால் மண்வாடை அடிக்கிறது. என்ன செய்ய?"

கழுவினால் போகாதுங்க, அது மேலே ஒட்டிய சேறு இல்லை. நீலப்பச்சைப் பாசியும் அடிச்சேற்று பாக்டீரியாவும் ஜியோஸ்மின் என்ற பொருளை நீரில் விடுகின்றன (மழை பெய்ததும் மண் மணக்கிறதே, அதே பொருள்தான்), அது செவுள் வழியாக உள்ளே போய் மீனின் கொழுப்பில் தங்கிவிடுகிறது. அதனால் முதலில் தோலை உரித்துவிட்டு, வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் வெட்டி எறியுங்கள். அப்புறம் துண்டுகளைக் கெட்டிப் புளிக்கரைசலில் அரைமணி நேரம் ஊறவையுங்கள், எலுமிச்சைச் சாறும் சரிதான். புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் மணமில்லாத வேறு பொருளாக மாறும். ஆனால் சதையின் உள்ளே கொஞ்சம் மிஞ்சும், அதனால் இந்த மீனுக்கு வறுவலை விடப் புளிக்குழம்புதான் என் கட்சி.