கொழுந்தன் கோபமும் என் மொழிபெயர்ப்பும்

நான் செங்கோட்டைப் பொண்ணு, கல்யாணம் ஆகிப் புனலூரில் இருக்கிறேன். என் கொழுந்தன் என் அண்ணனுக்கு இரண்டு லட்சம் கைமாத்து கொடுத்திருந்தார், அண்ணன் ஓணத்துக்குத் தருவதாகச் சொல்லித் தரவில்லை. கொழுந்தன் மலையாளத்தில் வாட்ஸ்அப்பில் எழுதுவார், அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் அனுப்பி "என்ன சொல்றான்?" என்பான். போன மாதம் வந்த கோபமான மெசேஜை நான் "பணம் கொஞ்சம் அவசரமாம், முடிஞ்சா சீக்கிரம் கொடுப்பியாம்" என்று சொல்லிவிட்டேன். அண்ணனும் "சரி, பொங்கலுக்கு அப்புறம் பார்ப்போம்"னு பதில் போட்டான். இப்போது வந்திருப்பதில் "நிங்ஙள் என்னெ சதிச்சு. இனி ஒரு மாசம் கூடி நோக்கும், அது கழிஞ்ஞா வெறுதெ விடில்ல" என்று இருக்கிறது, கடைசியில் "தெண்டி" வேறு. இதையும் பக்குவமாகச் சொல்லவா? அப்படியே சொன்னால் இரண்டு வீடும் பிரிந்துவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

*

சகோதரி, முதலில் அண்ணனுடைய பதிலைப் பாருங்கள். "பொங்கலுக்கு அப்புறம்" என்று அவர் எழுதியது திமிர் இல்லை, உங்கள் வாயிலிருந்து கேட்டதற்குச் சரியான பதில். ஆனால் அதைப் படித்த கொழுந்தனுக்கு அது திமிராகத்தான் பட்டிருக்கும், அவர் திட்டியல்லவா எழுதியிருந்தார்! இரண்டாவது மெசேஜில் இருக்கும் சூட்டில் கொஞ்சம் நீங்கள் சேர்த்தது. வருத்தப்படச் சொல்லவில்லை, இடையில் நிற்பவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

கோபத்தை எடுத்துவிட்டால் மரியாதைக் குறைவு மட்டும் போகும், விஷயம் அப்படியே நிற்கும் என்று நினைக்கிறோம். இந்த மூன்று வரியில் விஷயமே கோபத்துக்குள்தான் இருக்கிறது. ஒரு மாதம் என்பது கெடு. "வெறுதெ விடில்ல" என்பது சும்மா விடமாட்டேன் என்ற எச்சரிக்கை. "சதிச்சு" என்பது வெறும் ஏமாற்றம் இல்லை, நம்ப வைத்துக் கழுத்தறுத்தாய் என்கிற அளவு. பணம் வராததைவிட ஓணத்துக்குச் சொன்ன வாக்கு போனதுதான் அவருக்கு வலிக்கிறது என்று அந்த ஒரு சொல்லிலிருந்துதான் தெரிகிறது. "கொஞ்சம் அவசரமாம்" என்று கேட்டவர் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவார், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.

அப்புறம் அந்த "நிங்ஙள்". நீங்கள் எதையும் மாற்றாமல் "நீங்க" என்று சொன்னாலே அது மென்மையாகிவிடும், அதுதான் இதில் வம்பு. உங்கள் பக்கத்து மலையாளத்தில் மூத்தவரைப் பெரும்பாலும் சேட்டன் என்றே சொல்லிப் பேசுவார்கள். சேட்டன் போய் நிங்ஙள் வந்தால் உறவைத் தள்ளி வைத்துவிட்டார் என்று அர்த்தம். நம் "நீங்க"வில் அந்தக் குளிர் இல்லை. மலையாளத்தில் யார் சொன்னாலும் "பறஞ்ஞு"தான், வினையில் மரியாதை தெரியாது. தமிழில் சொன்னியா, சொன்னீங்களா என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். இத்தனை நாள் மச்சான் என்று கூப்பிட்டவர் திடீரென்று "நீரு சொன்னீரு" என்றால் உங்கள் அண்ணனுக்குச் சுருக்கென்று இருக்கும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த அளவு.

"தெண்டி"க்கு இதே நியாயம் எதிர்ப்பக்கம் போகும். அதைப் பிச்சைக்காரன் என்று சொல்லாதீர்கள். மலையாளத்தில் கூட்டாளிகளே அன்றாடம் திட்டிக்கொள்ளும் சொல் அது. கடன்பட்டவரிடம் பிச்சைக்காரன் என்றால் அவர் நினைத்ததைவிட ஆழமாகக் குத்தும். "கடைசியில் ஒரு வசவும் இருக்கு, ரொம்ப மோசமானது இல்லை, ஆனால் சம்பந்தி வீட்டில் சொல்லக்கூடாதது" என்று சொன்னால் எடை சரியாக வரும்.

குறைக்கும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு, எழுதினவருக்கு. அதனால் முதலில் கொழுந்தனிடம், "இதை அண்ணனுக்கு அப்படியே படித்துச் சொல்லப்போகிறேன், மாற்ற வேண்டுமென்றால் இன்று ராத்திரிக்குள் மாற்றி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் அந்த வசவை எடுத்துவிடுவார்கள். கெடுவை எடுக்கமாட்டார், எடுக்கவும் வேண்டாம்.

பிறகு அண்ணனிடம் "அவர் சொல்றாரு" என்று இழுக்காமல், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவர்கள் செய்வது போல "நான்" என்றே சொல்லுங்கள்: "நீரு எனக்குத் துரோகம் பண்ணிட்டீரு. இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன், அதுக்கு மேல சும்மா விடமாட்டேன்." அங்கே நிறுத்துங்கள். உங்கள் கருத்து இருந்தால், "இது நான் சொல்வது" என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டும் கலந்தால் அவர் யாரிடம் கோபப்படுவது என்றே தெரியாமல் உங்களிடம் கோபப்படுவார். இனிமேல் படித்துச் சொல்ல முடியாது என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பாதி சொல்வதைவிட அது நேர்மை.

கடினமானது போன மாத மெசேஜ். அதையும் திறந்து வைத்துக்கொண்டு, "அன்னைக்கு நான் குறைச்சுச் சொன்னேன், உள்ளே இருந்தது இதுதான்" என்று இந்த மெசேஜுக்கு முன்பே படித்துக் காட்டிவிடுங்கள். அண்ணன் உங்களைத் திட்டலாம். கொழுந்தனிடமும் "பொங்கலுக்கு அப்புறம்" என்ற பதில் எப்படி வந்தது என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அவர் சதி என்று எண்ணியதில் ஒரு பங்காவது அப்போது குறையும்.