கிணற்றுநீர் ஆய்வுக் கட்டுரையில் எதைச் சொல்வது?

"வவுனியாக் கிணறுகளில புளோரைட் பற்றின பிடிஎஃப் ஒண்டை அனுப்பி, 'லேசா விளங்கப்படுத்து' எண்டு பெரியம்மா கேக்கிறா. எந்தப் பகுதியைச் சொல்ல?"

முதலில் மாதிரி எடுத்த இடங்களின் வரைபடத்தைப் பாருங்கோ. அவவின்ர ஊர் அதில் இல்லையென்றால், அதில் வரும் எண்களை அவவின்ர கிணற்றுக்குப் பொருத்த ஏலாது. அதை முதலே சொல்லிவிடுங்கோ.

பிறகு அட்டவணை. சராசரியோடு நிற்காமல் ஆகக் கூடிய அளவையும் பாருங்கோ. உதாரணத்துக்கு, சராசரி லீற்றருக்கு 0.8 மில்லிகிராம் என்று இருந்தாலும் ஒரு குழாய்க்கிணறு 2.5 காட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 1.5. மாதிரி எடுத்தது கோடையிலா மாரியிலா என்பதும் முக்கியம்.

ஆய்வுகூட முறை, புள்ளிவிவரச் சோதனை எல்லாம் அவவுக்குத் தேவையில்லை. கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது என்பதைக் கட்டுரையில் இல்லாவிட்டாலும் சொல்லுங்கோ. அதைத்தான் கட்டாயம் கேட்பா.