சிகரெட்டை விட்டேன், சளி ஏன் கூடிவிட்டது?

"டொக்டர், எனக்கு 44 வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட் பிடித்தேன். ஆறேழு வருஷமாகப் பீனிசம். குனிந்தால் கன்னம் கனக்கும், நாள் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பேன். 19 நாளைக்கு முன்பு சிகரெட்டை அடியோடு விட்டேன். விட்ட பிறகு சளி இன்னும் கூடிவிட்டது. முன்பென்றால் காலையில் ஒன்றைப் பற்ற வைத்ததும் சளி கழன்று வந்துவிடும். 'உடம்பு பழகிப் போச்சு, திடீரென்று விட்டது பிழை, நாளுக்கு ஒன்றிரண்டு பிடி' என்று கடையில் மூத்த அண்ணர் ஒருவர் சொல்கிறார். பிறஷருக்கு எனலப்ரில் குளிசை எடுக்கிறேன், வேறு மருந்து இல்லை. உள்ளே எல்லாம் பழுதாகிவிட்டதா? இனித் திரும்ப வருமா?"
— வாசகர், வெள்ளவத்தை

பிடிக்க வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். அந்த அண்ணர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் நடப்பதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறார். விட்டு மூன்றாவது வாரத்தில் சளி கூடியதுபோல் தெரிவது, பல வருஷமாகப் படுத்துக் கிடந்த ஒரு வேலை உங்கள் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் மறுபடி தொடங்குவதால் வரலாம்.

அது என்ன வேலை? மூக்கின் உட்புறம், முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள், கீழே மூச்சுக்குழாய், எல்லாவற்றையும் ஒரு மெல்லிய ஈரத்தோல் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோலின் கலங்களில் மிக நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் பிசிர்கள் என்று படித்திருப்பீர்கள். ஒரு கலத்தில் ஏறத்தாழ 200 பிசிர்கள். ஒரு மில்லிமீற்றரை 150 கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுதான் ஒன்றின் நீளம். அவை ஒரு செக்கனுக்குப் பத்துப் பதினைந்து தடவை, வயலில் நெற்கதிர் காற்றுக்குச் சாய்வதுபோல அலை அலையாக ஒரே பக்கம் அடிக்கின்றன. அடியில் தண்ணீர்போல ஒரு படலம், அதன்மேல் பசைபோன்ற சளிப் படலம். பிசிர்களின் நுனி சளியை உந்தித் தள்ள, அது தூசியையும் கிருமியையும் சுமந்துகொண்டு நிமிடத்துக்குச் சில மில்லிமீற்றர் வேகத்தில் தொண்டைப் பக்கம் நகரும். பிறகு நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சுகமாக இருக்கும் மனிதருக்கும் நாள் முழுக்க இது நடக்கிறது, அவருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

குனியும்போது கன்னம் கனப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. நாம் நிமிர்ந்து நிற்கும்போது அங்கே ஊறும் சளி தானாக வடியாது. பிசிர்கள்தான் அதைச் சுவர்வழியே மேலே ஏற்றி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். அவை சோர்ந்தால் அந்த அறை வாளி போடாத கிணறுதான். சளி தேங்கும், தேங்கியதில் கிருமி வளரும், வீங்கிய தோல் இருக்கிற சின்ன வாசலையும் அடைத்துவிடும்.

சிகரெட் புகையில் இருக்கும் அக்ரோலீன், ஹைட்ரஜன் சயனைட் போன்றவை பிசிர்களை மந்தமாக்குகின்றன. நாட்பட நாட்பட அவை கட்டையாகின்றன, சில இடத்தில் பிசிருள்ள கலமே போய், தோல்போலத் தடித்த வெறும் கலம் அந்த இடத்தைப் பிடிக்கிறது. அதே நேரம் சளி சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன, அடியில் இருக்கும் தண்ணீர்ப் படலமும் வற்றுகிறது. சளி கூடுகிறது, கெட்டியாகிறது, தள்ளுவதற்கு ஆள் குறைகிறது. மிச்சம் இருக்கும் ஒரே வழி இருமலும் செருமலும்தான். காலையில் ஒன்று பற்ற வைத்ததும் சளி கழன்றது இப்படித்தான். இரவு முழுக்கத் தேங்கியிருந்ததை, புகை எரிச்சலூட்டிக் கிளப்பிய இருமல் வெளியே தள்ளியது. அதன் பிறகு பிசிர்கள் மறுபடி மந்தமாகும், சளி நகராது, நகராத சளி தொண்டையில் தெரியாது. அந்தச் சில மணி நேரத்தைத்தான் சுகம் என்று நினைத்தோம்.

சரி, திரும்ப வருமா என்று கேட்டீர்கள். என்னிடம் வந்த ஓர் அச்சகத் தொழிலாளியைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வயதுதான், கிட்டத்தட்ட உங்கள் கணக்கில்தான் பிடித்திருந்தார். மூக்குக்குள், முன்பக்கத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, சக்கரின் இனிப்பில் கடுகிலும் சிறிய துணுக்கு ஒன்றை வைத்தேன். மூக்கைச் சிந்தாமல், உறிஞ்சாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பிசிர்கள் அதைத் தொண்டைக்குக் கொண்டுவந்ததும் நாக்கில் இனிப்புத் தெரியும். சாதாரணமாக 20 நிமிடத்துக்குள் தெரிந்துவிடும், 30 தாண்டினால் பிசிர்கள் மந்தம் என்று கொள்வோம். முதல் நாள் அவர் 34ஆவது நிமிடத்தில்தான் கையை உயர்த்தினார். சிகரெட்டை விட்டு ஐந்து வாரம் கழித்து வந்தபோது 19ஆவது நிமிடத்தில் "இனிக்குது டொக்டர்" என்றார். இடையில் மூன்றாவது வாரத்தில், சளி கூடுகிறது என்று உங்களைப்போலவே பயந்துபோய் வந்து நின்றவர் அவர். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், கிளினிக்கில் செய்வதுதான் சரி.

மூக்கில் இந்த மாற்றம் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகலாம். கூடுதலாகப் பெருகிய சளிக் கலங்கள் குறைய மாதக்கணக்காகும். இருமலும் சளியும் முதல் மாதம் தொடங்கி ஒன்பது மாதத்துக்குள் படிப்படியாகக் குறையும். எல்லோருக்கும் நடுவில் சளி கூடுவதில்லை, சிலருக்கு முதல் நாளிலிருந்தே குறைகிறது. அப்புறம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நுரையீரலின் காற்றுப் பைகள் சிதைந்திருந்தால் அவை திரும்ப வளராது. மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தாலோ, ஒவ்வாமை இருந்தாலோ, சிகரெட்டை விட்டதனால் மட்டும் பீனிசம் தீராது, தனியாக வைத்தியம் தேவைப்படும்.

இனிச் செருமலுக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் உங்கள் கையிலேயே பாதி மருந்து இருக்கிறது. ஒவ்வொரு முறை செருமும்போதும் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று அறைகின்றன. அறைந்த இடம் வீங்குகிறது, வீக்கம் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் தோன்றுகிறது, அதைக் கழற்ற மறுபடி செருமுகிறோம். சளி குறைந்த பிறகும் இந்தச் சுற்று தானாக ஓடிக்கொண்டிருக்கும். கடையில் ஒரு போத்தல் தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். செரும வேண்டும் என்று வந்ததும் ஒரு வாய் குடித்து, நாடியைச் சற்றுக் கீழே இறக்கி, அழுத்தி விழுங்குங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் வாயை மூடி மெதுவாக 'ம்ம்' என்று இழுத்து, பிறகு விழுங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே மணி நேரத்தில், எத்தனை தடவை செருமுகிறீர்கள் என்று பக்கத்தில் நிற்பவரை எண்ணச் சொல்லுங்கள். நம் காதுக்கு நம் செருமல் கேட்பதில்லை. கடை பூட்டி வீட்டுக்கு வந்து பத்து மணிக்குச் சோறு சாப்பிட்டு உடனே படுக்கிறவராக இருந்தால், வயிற்றுப் புளிப்பு தொண்டைக்கு ஏறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு சொல் என்னை நிறுத்தியது: எனலப்ரில். அந்த வகைக் குளிசை சிலருக்கு வறட்டு இருமலையும் தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோன்ற அரிப்பையும் கொண்டுவரும். தொடங்கிப் பல மாதம் கழித்தும் வரலாம். உங்கள் செருமலில் ஒரு பங்கு அதனால் இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், பிறஷர் எகிறிவிடும். குளிசை தந்த வைத்தியரிடம் செருமலைச் சொல்லிக் கேளுங்கள், லொசார்ட்டன்போல வேறொன்றுக்கு மாற்ற முடியும். மாற்றிய பிறகு அரிப்பு அடங்கப் பெரும்பாலும் ஒன்றிலிருந்து நாலு வாரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம்.

காலையும் மாலையும் மூக்கைக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆறின கால் லீற்றர் தண்ணீரில் மட்டமாக அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் கலந்துகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நேராக மூக்குக்குள் விடக்கூடாது, அரிதாக என்றாலும் உயிரையே எடுக்கக்கூடிய அமீபா அப்படித்தான் உள்ளே போகிறது. உப்புக் கலக்கச் சோம்பலாக இருந்தால் பாமசியில் நோர்மல் சேலைன் போத்தல் கிடைக்கும். ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்சில் எடுத்து, தொட்டிமேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து மூச்சு விட்டபடி மேல் துவாரத்தில் மெதுவாகச் செலுத்துங்கள். கீழ்த் துவாரத்தால் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு பக்கமாக மெல்லச் சிந்துங்கள், பலமாகச் சிந்தினால் காது அடைக்கும். மூக்கடைப்பை உடனே திறக்கும் துளி மருந்துகளை மட்டும் ஐந்து நாளுக்கு மேல் பாவிக்காதீர்கள், நிறுத்தும்போது முன்னைவிட மோசமாக அடைக்கும்.

படுக்கையறையில் நுளம்புச் சுருள் கொளுத்துகிறீர்களா? அதுவும் புகைதான். திரும்பி வந்துகொண்டிருக்கும் பிசிர்களுக்கு இரவு முழுக்க அதைக் கொடுக்க வேண்டாம். நுளம்பு வலைக்கு மாறுங்கள்.

உங்கள் சளி தெளிவாக, வெள்ளையாக, அல்லது பழைய புகைக் கறையோடு பழுப்பாக வந்து, வாரத்துக்கு வாரம் இளகினால் பொறுத்திருக்கலாம். ஆனால் இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்து, மாலைக் காய்ச்சலோ மெலிவோ சேர்ந்தால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போய்ச் சளியைச் சோதியுங்கள், அது காசநோய்க்கான சோதனை. சளியில் இரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் குரலடைப்பு, விழுங்கும்போது நோவு, கழுத்தில் கட்டி, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து இரத்தம் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காது மூக்கு தொண்டை வைத்தியரை அந்த வாரமே பாருங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவை ஒன்றும் இல்லாவிட்டாலும், இருபத்திரண்டு வருஷம் பிடித்தவர் என்பதால், இன்னும் ஐந்தாறு வாரத்தில் ஒருமுறை கிளினிக்குக்குப் போங்கள். எனலப்ரில் பெட்டியையும் வாராவாரம் எண்ணிய செருமல் கணக்கையும் கையோடு கொண்டுபோங்கள்.