கடலில் இருந்தவருக்கு அனுப்பிய செய்திகள் எங்கே போயின?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆகஸ்ட் 3-ஆம் தேதி தங்கல் தொழிலுக்குப் போய், செப்டம்பர் 8-ஆம் தேதி கொச்சியில் கரையேறினார். அதுவரை போன் ஆஃப். ஆன் பண்ணியதும் வாட்ஸ்அப்பில் நிறைய வந்தது, ஆனால் அவர் போன புதிதில் நான் அனுப்பிய மகளின் ஸ்கூல் படங்கள் மட்டும் வரவே இல்லை. எஸ்.எம்.எஸ்.-இல் முந்தின நாள் அனுப்பியது ஒன்றுதான் வந்தது, அதுவும் ஒரு மணி நேரம் கழித்து. ஏன் இப்படி? – வாசகி, தூத்தூர்

பதில்: முதலில் வாட்ஸ்அப்பைப் பார்த்துவிடலாம். செய்தி உரியவர் போனில் சேர்ந்ததும் அவர்களுடைய சர்வரிலிருந்து அழிந்துவிடும். சேராததை மட்டும், யாரும் படிக்க முடியாதபடி பூட்டி, 30 நாள் வரை வைத்திருப்பார்கள். இந்த 30 நாள் ஒவ்வொரு செய்திக்கும் அது அனுப்பப்பட்ட நாளிலிருந்து தனித்தனியாக ஓடும். படங்களை ஆகஸ்ட் 6-ஆம் தேதி அனுப்பியிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 5-ஆம் தேதியோடு அதன் கெடு முடிந்தது. படகு கரையேற இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆகஸ்ட் 20-ஆம் தேதி அனுப்பியதற்கோ செப்டம்பர் 19 வரை நேரம் இருந்ததால் அது வந்துவிட்டது. பழையது போய்ப் புதியது வந்ததன் காரணம் இவ்வளவுதான். உங்கள் கணக்கில் ஆகஸ்ட் 9-ஆம் தேதியை ஒட்டிய நாள்தான் எல்லைக்கோடு.

கெடு முடிந்து அழிந்ததை வாட்ஸ்அப் உங்களுக்குச் சொல்லாது என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம். உங்கள் போனில் அந்தப் படத்துக்குக் கீழே ஒற்றை டிக் அப்படியே நிற்கும். அவர் கரைக்கு வந்து, பிறகு அனுப்பியவற்றுக்கெல்லாம் இரண்டு டிக் விழுந்த பிறகும் பழையது ஒற்றை டிக்கிலேயே இருந்தால், இனி அது போகாது. அழுத்திப் பிடித்து அவருக்கே மறுபடி ஃபார்வர்டு செய்யுங்கள். உங்கள் சாட்டில் 'மறையும் செய்திகள்' வசதியை 7 நாளுக்குப் போட்டு வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த நேரமும் அனுப்பியதிலிருந்தே ஓடும் என்பதால், ஒரு மாதம் கடலில் இருப்பவர் பார்ப்பதற்குள் செய்தி மறைந்திருக்கும். அவர் புறப்படும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

எஸ்.எம்.எஸ். கதை வேறு. நீங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ். முதலில் உங்கள் சிம் கம்பெனியின் செய்தி மையத்துக்குப் போகும். அவர் போன் கிடைக்கவில்லை என்றால் அங்கேதான் காத்திருக்கும். ஆகவே எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முடிவு செய்வது அனுப்புகிறவரின் கம்பெனி. தொழில்நுட்ப விதிப்படி ஒரு எஸ்.எம்.எஸ்.-க்கு 63 வாரம் வரை கூடக் கெடு கேட்கலாம். நடைமுறையில் கம்பெனிகள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளோடு நிறுத்திவிடும், சில இடங்களில் ஒரு வாரம் இருக்கும். 36 நாளுக்கு அது எந்த மூலைக்கு? முந்தின நாள் செய்தி மட்டும் தப்பியது அதனால்தான். பேங்க் அனுப்பும் ஓடிபி போன்றவற்றுக்குச் சில நிமிடம்தான் கெடு வைப்பது உண்டு. பேங்க் எஸ்.எம்.எஸ். வரவில்லை என்று தேடாமல் பாஸ்புக்கைப் பதிந்து பார்ப்பதுதான் வழி.

சரி, ஒரு மணி நேரத் தாமதம் ஏன்? செய்தி மையம் நிற்காமல் முயன்றுகொண்டே இருக்காது. முதலில் சில நிமிட இடைவெளியில் முயலும், போகப்போக இடைவெளி நீண்டு மணிக்கணக்காகும். இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. அவருடைய சிம் விவரம் இருக்கும் பதிவேட்டில் 'இவருக்குச் செய்தி காத்திருக்கிறது' என்று ஒரு குறிப்பு விழும். போன் மறுபடி நெட்வொர்க்கில் பதிவானதும் அந்தப் பதிவேடு செய்தி மையத்தைத் தட்டி எழுப்பும். அந்தத் தட்டல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் செய்தி வந்துவிடும். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே அது எங்காவது தவறிவிட்டால், மையம் தன் அடுத்த முறைக்கு முயலும்போதுதான் வரும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இடையில் அவருடைய 28 நாள் ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் வரும் செய்திகளே நிறுத்தப்பட்டிருக்கவும் கூடும். அடுத்த தடவை இங்கிருந்தே ரீசார்ஜ் போட்டுவிடுங்கள்.

போன் ஆஃப் ஆக இருந்தாலும், ஆனில் இருந்து டவர் எட்டாத தூரத்தில் இருந்தாலும் கெடு ஒன்றுதான். முறையாக ஆஃப் செய்தால் போன் நெட்வொர்க்கிடம் சொல்லிவிட்டுப் போகும். சார்ஜ் தீர்ந்து திடீரென்று அணைந்தாலோ டவரைத் தாண்டினாலோ, தேடிப் பதில் வராத பிறகே நெட்வொர்க்குக்குத் தெரியும்.

36 நாள் பயணத்துக்கு எஸ்.எம்.எஸ்.ஸை நம்ப வேண்டாம். முக்கியமானதை வாட்ஸ்அப்பில் போட்டு, பயணம் 30 நாளைத் தாண்டும்போல் தெரிந்தால் 25-ஆம் நாள் வாக்கில் மறுபடி ஒருமுறை அனுப்புங்கள். அன்றிலிருந்து அதற்குப் புதிதாக 30 நாள் கிடைக்கும்.