வறுமை குறைந்தால் ஏற்றத்தாழ்வும் குறையுமா?

"குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். சீனாவில் வறுமை ஏறக்குறைய ஒழிந்துவிட்டது என்கிறது ஒரு கட்டுரை. அங்கே ஏற்றத்தாழ்வு பயங்கரமாகக் கூடிவிட்டது என்கிறது இன்னொன்று. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? விடைத்தாளில் இதை எப்படி விளக்குவது?"

வரையறைகளை வரிசையாக எழுதுவதைவிட ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். திருத்துபவருக்குச் சட்டென்று புரியும்.

ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள். மாத வருமானம் 4, 6, 8, 12, 20 ஆயிரம் ரூபாய். வறுமைக் கோடு 7 ஆயிரம் என்றால் இரண்டு குடும்பங்கள் ஏழைகள். தெருவின் மொத்த வருமானம் 50 ஆயிரம். அதில் பணக்காரக் குடும்பத்துக்கு 40 சதவீதம் போகிறது.

பத்து வருடம் கழித்து, விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அதே குடும்பங்களின் வருமானம் 8, 12, 18, 32, 80. மிக ஏழையான குடும்பத்தின் வருமானமே இரட்டிப்பாகி, கோட்டுக்குக் கீழே யாருமே இல்லை. ஆனால் உச்சியில் இருப்பவர் வருமானம் நான்கு மடங்கு ஆகிவிட்டது. மொத்தம் 150இல் அவர் பங்கு இப்போது 53 சதவீதம். வறுமை என்பது ஒரு கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்ற கணக்கு. ஏற்றத்தாழ்வு என்பது மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு. முதல் கணக்குக்குப் பணக்காரர் வருமானம் தேவையே இல்லை.

சீனாவில் நடந்தது இதுதான். 2011 விலையில் நாளொன்றுக்கு 1.90 டாலர் என்ற உலக வங்கிக் கோட்டின்படி, 1981இல் மக்களில் சுமார் 88 சதவீதம் பேர் ஏழைகள். 2015இல் அது 1 சதவீதத்துக்கும் கீழே. அதே காலத்தில், எல்லோருக்கும் சமம் என்றால் 0, ஒருவருக்கே எல்லாம் என்றால் 1 என்று அளக்கும் கினி குறியீடு 0.3 அளவிலிருந்து ஏறி, 2008இல் அரசுக் கணக்குப்படியே 0.491ஐத் தொட்டது.

ஆனால் பலரும் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள்: ஏற்றத்தாழ்வு வறுமை ஒழிப்புக்குக் கொடுத்த விலை என்று எழுதிவிடுகிறார்கள். வரிசையைக் கவனியுங்கள். கூட்டுப்பண்ணை நிலம் குடும்பங்களின் பொறுப்பில் விடப்பட்டதும், நெல், கோதுமைக்கு அரசு கொள்முதல் விலையை உயர்த்தியதும் 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும். கிராம வறுமை அதிவேகமாகச் சரிந்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். அப்போது ஏற்றத்தாழ்வு பெரிதாகக் கூடவில்லை, ஏனென்றால் வளர்ச்சி வயலிலிருந்து வந்தது. 80களின் நடுவிலிருந்து வளர்ச்சி கடலோர நகரங்களுக்குப் போனது. ஹுகோ என்ற குடும்பப் பதிவு முறை, ஆலைக்கு வேலைக்குப் போன கிராமத்தானுக்கு நகரத்தின் பள்ளி, மருத்துவச் சலுகைகளை எளிதில் தரவில்லை. 2000களின் பிற்பகுதியில் நகரத்து சராசரி வருமானம் கிராமத்தைப்போல 3 மடங்குக்கு மேல் போய்விட்டது. வறுமை குறைவது 80களின் பிற்பகுதியில் மந்தப்பட்டதும் இந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான்.

தலைகீழாகவும் நடக்கும். நம் தெருவின் முதல் கணக்குக்கே திரும்புங்கள். அடுத்து ஒரு மோசமான வருடம். வருமானம் 4, 5, 6, 9, 11 என்று விழுகிறது. முதல் குடும்பம் அரசு உதவித்தொகையில் வாழ்வதால் அதற்கு மாற்றமில்லை. உச்சியில் இருப்பவர் பங்கு 31 சதவீதமாக இறங்கி, ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது. ஆனால் 7 ஆயிரம் கோட்டுக்குக் கீழே இப்போது மூன்று குடும்பங்கள்.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் வழக்கமான கோடு, நடு வருமானத்தில் 60 சதவீதம். நடுக் குடும்பத்தின் வருமானம் 8 ஆயிரமாக இருந்தபோது இந்தக் கோடு 4,800. ஒரு குடும்பம் ஏழை. அது 6 ஆயிரமானதும் கோடு 3,600க்கு இறங்கி, ஏழையே இல்லை! பிரிட்டனில் 2010-11இல் விலைவாசி கழித்த நடு வருமானம் வாரம் 432 பவுண்டிலிருந்து 419க்கு விழுந்தது. அந்த ஆண்டில் ஒப்பீட்டுக் குழந்தை வறுமை 18 சதவீதமாகக் குறைந்தது. கோடு கீழே இறங்கியதே அதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே விடையில் எந்தக் கோடு, நிலையானதா நகர்வதா என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். கினி எண்ணைக் குறிப்பிட்டால், அது வருமானத்தை வைத்துப் போட்டதா, செலவை வைத்துப் போட்டதா என்றும் எழுதுங்கள். இந்தியா உலகிலேயே சமத்துவமான நாடுகளில் ஒன்று என்று 2025இல் செய்தி வந்ததே, அந்த 25.5 என்ற எண் குடும்பங்களின் செலவை வைத்துக் கணக்கிட்டது, 100க்கு எத்தனை என்ற அளவில். பணக்காரர் சம்பாதிப்பதையெல்லாம் செலவழிப்பதில்லை. அதனால் செலவுக் கினி பெரும்பாலும் சிறியதாகவே தெரியும். அதை வேறொரு நாட்டின் வருமானக் கினியோடு பக்கத்தில் வைத்தால் மதிப்பெண் போகும்.