பல மொழி பேசும் கிச்சனில் ஆர்டர் சொல்ல ஒரே குரல்

கேள்வி: எங்க ரெஸ்டாரண்ட் கிச்சன்ல தமிழ், ஒடியா, பெங்காலி, நேபாளி, ஹிந்தின்னு பல மொழி பேசுறவங்க வேலை செய்றாங்க. ரஷ் நேரத்துல ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியாம ஆர்டர் குழம்பிடுது. எல்லாரையும் ஒரே டீமா எப்படிக் கொண்டுபோறது?

கோயம்புத்தூரில் ஒரு மல்டி குசீன் ரெஸ்டாரண்டின் கிச்சனைப் பார்த்துக்கொள்கிறேன். தோசை, பரோட்டா பக்கம் நம் ஊர் மாஸ்டர்கள். சைனீஸில் நேபாளத்திலிருந்தும் டார்ஜிலிங் பக்கமிருந்தும் வந்தவர்கள். தந்தூரில் உத்தராகண்ட்காரர். கட்டிங், ஹெல்பர், பாத்திரம் கழுவும் வேலைகளில் ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்கண்ட் பையன்கள். உங்கள் கிச்சனும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன்.

முதலில், வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் ஹிந்தி தெரியும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். மேற்கு ஒடிசாவிலிருந்து வந்த பையன் வீட்டில் சம்பல்புரி பேசுவான். ஜார்கண்ட் பையனுடைய தாய்மொழி சந்தாலியாகவோ குடுக்காகவோ இருக்கும். இவர்களில் பலருக்கு ஹிந்தி வேலைக்கு வந்த இடத்தில் காதால் கேட்டுக் கற்ற மொழி. எழுத்தோ இன்னொரு சிக்கல். ஹிந்திக்கும் நேபாளிக்கும் எழுத்து ஒன்று. வங்காளிக்கும் அசாமியாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே எழுத்து. ஒடியாவுக்குத் தனி எழுத்து. சுவரில் ஹிந்தியில் ஒரு அறிவிப்பு ஒட்டினால் பாதிப் பேர் அதைப் படிக்கவே மாட்டார்கள். அதனால் புதிதாக ஒருவர் சேரும் நாளிலேயே இரண்டு விஷயம் கேட்டு எழுதி வையுங்கள்: எந்த மொழி பேசுவார், எந்த எழுத்து படிப்பார். எதுவும் படிக்கத் தெரியாது என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கவேண்டிய தகவல்தான்.

எல்லாருக்கும் ஒரு பொது மொழியைக் கற்றுக்கொடுக்க நான் முயல்வதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் தொழில் இது, அதற்கு நேரம் கிடைக்காது. ஆர்டர் போகும் பாதையை மட்டும் இறுக்கமாக வைத்திருக்கிறேன். ரஷ் நேரத்தில் ஆர்டரை ஒருவர்தான் சத்தமாகச் சொல்லவேண்டும். ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தவர்கள் அவரை பார்க்கர் என்பார்கள். அவர் பிக்கப் கவுண்டரில் நிற்பார், ஆர்டர் எழுதிய சீட்டான கேஓடி அவர் கைக்குத்தான் வரும். சப்ளையரோ கேப்டனோ நேராக சைனீஸ் மாஸ்டரிடம் போய் "அண்ணா, அந்த ரைஸ்ல கொஞ்சம் காரம் கம்மி" என்று சொல்லக்கூடாது. முதலாளியும் சொல்லக்கூடாது. குழப்பங்களில் பெரும்பகுதி மொழியால் வருவதே இல்லை. இரண்டு மூன்று வாய் ஒரே ஆளுக்கு வேலை சொல்வதால் வருகிறது. மொழி வேறாக இருப்பதால் அந்தக் குழப்பம் வெளியே தெரிய நேரமாகிறது, அவ்வளவுதான்.

பார்க்கர் பயன்படுத்தும் சொற்கள் இருபதைத் தாண்டவேண்டாம். அவற்றை எல்லார் காதுக்கும் பழகிய சொற்களாகப் பார்த்து எடுங்கள். "காலி" என்பது தமிழ், ஹிந்தி, வங்காளி, ஒடியா எல்லாவற்றிலும் புரியும், அதனால் ஒரு ஐட்டம் தீர்ந்தால் எங்களிடம் "காலி"தான். "ஹோல்ட்", "பிக்கப்", "ரிப்பீட்" இந்தியா முழுக்க ஹோட்டல்களில் புழங்குகிறவை. விலக்கவேண்டிய சொற்களும் உண்டு. நம் "காரம்" ஹிந்திக்காரர் காதில் "கரம்" என்று விழும், அவர் அதைச் சூடாக்கித் தருவார். "ஹாட்" என்றாலும் அதே இரட்டை அர்த்தம். அதனால் காரத்துக்கு "ஸ்பைசி" மட்டும். "ஹாட்" என்பது கொதிக்கும் பாத்திரத்தோடு ஒருவர் பின்னால் வருகிறார் என்பதற்கு மட்டும். எண்களை ஆங்கிலத்தில், ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லவேண்டும். எக்ஸாஸ்ட் சத்தத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும், "ஒன் ஃபைவ்" அப்படிக் குழம்பாது. ஸ்டோரில் எடை கேட்கும்போது "டேட்", "டாய்" வேண்டாம். ஒன்றரை, இரண்டரை கிலோவைக் குறிக்கும் அந்த ஹிந்திச் சொற்களை நம் ஸ்டோர்காரர் மாற்றிப் புரிந்துகொள்வார். 1.5 என்று சிலேட்டில் எழுதிக் காட்டட்டும்.

இதற்கு அடுத்ததுதான் உண்மையில் வேலையைச் செய்கிறது. பார்க்கர் சொன்னதை அந்த செக்‌ஷன் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். "ஓகே", "சரி", "ஹாங் ஜி" எதுவும் பதிலாகாது. புரியாதவனும் "ஹாங் ஜி" சொல்வான், திட்டு விழும் என்ற பயத்தில் சீக்கிரமாகவே சொல்வான். நீங்கள் வாக்கியத்தை முடிக்கும் முன்பே தலையாட்டினால் அவனுக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு "எத்தனை? எந்த டேபிள்?" என்று கேளுங்கள். "மறுபடி" என்று கேட்டவனை ஒருபோதும் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டினால் அந்தப் பையன் மட்டுமல்ல, அவன் மொழி பேசும் அத்தனை பேரும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சனிக்கிழமை ராத்திரி, 15ஆம் டேபிள். அரை தந்தூரி சிக்கன், இரண்டு எக் ஃப்ரைடு ரைஸ் (அதில் ஒன்றுக்கு முட்டை வேண்டாம்), நான்கு பட்டர் நான், ஒரு பன்னீர் பட்டர் மசாலா. மசாலாவில் முந்திரி கூடாது என்று கேப்டன் எழுதியிருக்கிறார். பார்க்கர் இதைக் கேஓடியில் இருக்கும் வரிசையில் படிக்கமாட்டார். நேரம் அதிகம் பிடிப்பது முதலில்: "தந்தூர், டேபிள் ஒன் ஃபைவ், ஒன் ஹாஃப் சிக்கன்." "ஒன் ஃபைவ், ஒன் ஹாஃப்" என்று பதில் வரும். "நான் ஃபோர், ஹோல்ட்." "நான் ஃபோர் ஹோல்ட்." அடுத்து சைனீஸ். இங்கே "இரண்டு எக் ரைஸ், ஒன்றில் முட்டை இல்லை" என்று சொன்னால் முட்டையில்லாமல் இரண்டு வரும், அல்லது முட்டையோடு இரண்டு வரும். அதையே "ஒன் எக் ரைஸ், ஒன் வெஜ் ரைஸ்" என்று சொன்னால் சிக்கல் தீர்ந்தது. இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்வது மொழி தெரியாதவருக்கு எப்போதும் எளிது.

முந்திரி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பட்டர் மசாலாவுக்கான மக்கனி கிரேவியைக் காலையிலேயே மொத்தமாகப் போட்டுவிடுகிறோம், முந்திரி விழுது அதில் அரைபட்டுக் கிடக்கிறது. "முந்திரி போடாதே" என்று மாஸ்டரிடம் சொன்னால், மேலே அலங்காரத்துக்கு வறுத்துப் போடும் முந்திரியை விட்டுவிட்டு, தன்னிடம் சொன்னதைச் செய்துவிட்டதாக நிம்மதியாகத் தட்டை வைப்பார். அவர்மேல் தப்பில்லை, சொல்லப்பட்டது அதுதான். எனவே பார்க்கர் முதலில் கேப்டனிடம் கேட்கவேண்டும்: பிடிக்காததாலா, ஒவ்வாமையா? ஒவ்வாமை என்றால் "அலர்ஜி" என்ற ஒற்றைச் சொல். அது விழுந்ததும் அந்த டிஷ் நின்றுவிடும். பட்டர் மசாலா கிடையாது என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லி, வெங்காயம் தக்காளியில் அந்த நேரத்தில் புதிதாகச் செய்யும் பன்னீர் ஒன்றைக் கேப்டன் சொல்லிப் பார்ப்பார். அவர் ஒப்புக்கொண்டால் கழுவிய கடாய், புதுக் கரண்டி, பிரித்த புது எண்ணெய். அதைச் செய்வது செக்‌ஷனின் சீனியர் மட்டும். சிவப்பு கிளிப் மாட்டிய தட்டில் தனியாக வரும், பார்க்கரே கேப்டன் கையில் கொடுப்பார். சிவப்பு கிளிப் எதற்கென்று எந்த மொழியிலும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை, வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தாதவரை. கட்டிங் போர்டுகளுக்கும் அப்படித்தான்: பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சாலட் காய்களுக்குப் பச்சை. பெரிய ஹோட்டல்களில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இது ஏற்கெனவே பழகியிருக்கும்.

டீம் என்று கேட்டீர்களே, அதைக் கெடுக்கும் ஒரு ஏற்பாட்டைப் பெரும்பாலான கிச்சன்களில் பார்க்கிறேன். ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேரை ஒருவர் கூட்டிவருவார். அவருக்குத்தான் தமிழ் தெரியும், எல்லாம் அவர் வழியாகப் போகும். முதல் மாதம் வசதியாக இருக்கும். பிறகு அவர் லீவு போட்டால் ஒரு செக்‌ஷனே ஊமையாகிவிடும். அவர் கோபித்துக்கொண்டு கிளம்பினால் ஏழு பேரும் கிளம்புவார்கள். நான் ஒவ்வொரு ஹெல்பரையும் வேறு மொழி பேசும் ஒரு சீனியரோடு ஜோடியாகப் போடுகிறேன், மாதக்கணக்கில் மாற்றாமல். வெங்காயம் எந்த அளவு, கோழி எந்தத் துண்டு என்பதைத் தட்டில் மாதிரி வைத்துக் காட்டினால் பேச்சே தேவைப்படாது. ஆனால் தங்கும் அறையில் அவரவர் மொழிக்காரரோடு இருக்க விடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் அன்னிய மொழி கேட்ட பிறகு மனிதனுக்குத் தன் பேச்சு வேண்டும். இன்னொன்று, "ஏய் ஹிந்தி", "வடக்கா" என்று கூப்பிடுவதை மாஸ்டர்களிடம் கண்டிப்பாக நிறுத்தவேண்டும். செக்‌ஷன் வாரியாகப் பெயர்களைப் போர்டில் எழுதிவைத்தால் மாஸ்டர்களும் பெயர் கற்றுக்கொள்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரைச் சொல்கிறார் என்ற சந்தேகமும் வராது.

லீவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம் ஆயுதபூஜை, வங்காளிகளின் துர்கா பூஜை, நேபாளிகளின் தசைன் மூன்றும் ஒரே நாட்களில் வரும். மேற்கு ஒடிசாக்காரர்களுக்கு நுவாகாய் விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள். பீகார் பையன்களுக்கு தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அதற்கு முன்பே யார் போகிறார், யார் இருக்கிறார் என்று பேசி முடித்துவிட்டால் சண்டை வராது. கடைசி நேரத்தில் மறுத்தால் ஆள் சொல்லாமல் போய்விடுவார்.

இந்த இருபது சொல் ஏற்பாடு அடுப்புக்கு முன்னால் மட்டும்தான் செல்லும். சம்பளம், அட்வான்ஸ், ஊரில் ஏதாவது நடந்துவிட்டது, உடம்பு சரியில்லை போன்றவற்றை அரைகுறை ஹிந்தியில் பேசி முடிக்காதீர்கள். அவர் மொழி நன்றாகத் தெரிந்த, அவருடைய சம்பளத்தில் பங்கு இல்லாத ஒருவரை உட்கார வையுங்கள், அல்லது போனில் பிடியுங்கள். முக்கியமாக வயிற்றுப்போக்கு, வாந்தி, கையில் சீழ்ப்புண். இவை இருப்பவர் உணவைத் தொடக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அன்றைக்குச் சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று அவர் மொழியில் அவருக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தால்தான் அவர் வந்து சொல்வார். எங்களிடம் அந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆறு மொழியில் பதிவுசெய்து வைத்திருக்கிறோம், சேரும் நாளில் போனில் போட்டுக் கேட்க வைக்கிறோம்.