ஆட்-ஆன் கார்டு செலவும் அதற்கு வந்த வட்டியும்

கேள்வி: என் கிரெடிட் கார்டின் கீழ் தம்பிக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கிக் கொடுத்தேன். மாதம் 30ஆம் தேதி வந்த ஸ்டேட்மென்டில் மொத்தம் 50,000. அதில் நான் 5ஆம் தேதி வாங்கியது 18,000, அவன் 25ஆம் தேதி வாங்கியது 32,000. கடைசி நாளான மறுமாதம் 20ஆம் தேதி என் பங்கு முழுவதையும் கட்டிவிட்டேன். அவன் 12,000 மட்டும் கட்டினான். இப்போது அடுத்த ஸ்டேட்மென்டில் 1,810 வட்டி போட்டிருக்கிறார்கள். பாக்கியை அவனிடம்தானே வங்கி கேட்க வேண்டும்? வட்டியில் எனக்கும் பங்கு உண்டா?

பதில்: வங்கியைப் பொறுத்தவரை மொத்தத் தொகையும் உங்கள் கடன்தான். ஆட்-ஆன் கார்டுக்கென்று தனிக் கடன் கணக்கு கிடையாது. உங்கள் கணக்கில் செலவு செய்வதற்கு நீங்கள் இன்னொருவருக்கு அளித்த அனுமதியே அது. ஸ்டேட்மென்டில் இரண்டு கார்டுகளின் செலவையும் கடைசி நான்கு இலக்கங்களின் கீழ் தனித்தனியாகக் காட்டியிருந்தாலும், அந்தப் பிரிவு உங்கள் வசதிக்கானது மட்டுமே. கார்டு வைத்திருப்பவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் ஒப்பந்தங்கள் சில உண்டு என்பதால், விண்ணப்பத்தில் தம்பி எதற்குக் கையெழுத்திட்டார் என்று ஒருமுறை பாருங்கள். அப்படி இருந்தாலும் உங்கள் பொறுப்பு குறையாது.

இதே காரணத்தால், 'என் பங்கைக் கட்டிவிட்டேன்' என்பதும் வங்கியின் கணக்கில் இல்லை. நீங்கள் கட்டிய 18,000, அவர் கட்டிய 12,000 இரண்டும் சேர்ந்து 50,000க்கு வந்த 30,000 என்றே பதிவாகும். கடைசி நாளுக்குள் மொத்தமும் வந்து சேராததால் வட்டியில்லாக் காலம் முழுக் கணக்குக்கும் பறிபோயிற்று. பெரும்பாலான வங்கிகள் அப்போது பாக்கி நின்ற 20,000க்கு மட்டும் வட்டி போடுவதில்லை. ஒவ்வொரு செலவுக்கும் அது நடந்த நாளிலிருந்தே போடுகின்றன.

உங்கள் 1,810 அப்படித்தான் வந்திருக்கிறது. வட்டி மாதம் 3 சதவீதம், மாதத்துக்கு 30 நாள் என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்துக்கு நாளொன்றுக்கு 1 ஆகிறது. உங்கள் 18,000க்கு 5ஆம் தேதியிலிருந்து 45 நாளுக்கு 810. அவருடைய 32,000க்கு 25 நாளுக்கு 800. 20ஆம் தேதிக்குப் பிறகு மீதி நின்ற 20,000க்கு அடுத்த ஸ்டேட்மென்ட் வரை 10 நாளுக்கு 200.

இதில் 810 'உங்கள்' பொருளுக்கான வட்டி போலத் தோன்றும், தம்பியும் அப்படியே வாதிடக்கூடும். ஆனால் அவர் மீதி 20,000ஐயும் 20ஆம் தேதிக்குள் கட்டியிருந்தால் மொத்த வட்டியும் பூஜ்யமாக இருந்திருக்கும். நீங்கள் மாதத் தொடக்கத்திலேயே பொருள் வாங்கியதால்தான் 32,000க்கு வந்த வட்டியைவிட 18,000க்கு வந்தது அதிகமாகிவிட்டது. ஆகவே செலவின் விகிதத்தில் வட்டியைப் பிரிப்பது நியாயமாகாது. உங்கள் பங்கை நாள் தவறாமல் கட்டிய உங்களுக்கு இதில் பங்கில்லை. 1,810 முழுவதையும் தம்பி தருவதே முறை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது உங்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. வங்கி அதில் தலையிடாது.

இப்போது உடனடியாகச் செய்ய வேண்டியது, நிற்கும் 21,810ஐயும் அடுத்த கடைசி நாள் வரை காத்திராமல் கட்டிவிடுவது. மறுபடியும் 20ஆம் தேதி வரை விட்டால், ஸ்டேட்மென்ட் நாளுக்குப் பிந்தைய 20 நாளுக்கு அந்த 20,000இன் மேல் இன்னும் 400 ஏறும். முழுத் தொகையையும் கட்டிய பிறகும் அது அதற்கடுத்த ஸ்டேட்மென்டில் தலைகாட்டும். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும், யார் கார்டில் வாங்கினாலும், வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால் இரண்டு கார்டுகளையும் அதுவரை பயன்படுத்தாமல் இருங்கள். தம்பியிடம் கையில் பணம் இல்லையென்றால் நீங்களே கட்டிவிட்டு அவரிடம் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கி நீண்டு, கட்டத் தவறினால் அது உங்கள் பெயரில்தான் கடன் வரலாற்றில் ஏறும்.

'எனக்குத் தெரியாமல் அவன் வாங்கினான்' என்று வங்கியில் புகார் கொடுக்க நினைக்காதீர்கள். கார்டைக் கொடுத்தது நீங்கள் என்பதால் அதை மோசடியாக ஏற்கமாட்டார்கள். ஆட்-ஆன் கார்டுக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். முடக்குவதானால் கோரிக்கை எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். அதன் பிறகு புதிதாக நடந்த செலவை மறுக்க அதுதான் ஆதாரம். முடக்குவதற்கு முன் நடந்து, இன்னும் ஸ்டேட்மென்டில் ஏறாமல் இருக்கும் செலவுகள் பின்னால் வரத்தான் செய்யும், அவையும் உங்கள் பொறுப்பே. அந்தக் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் சந்தாக்களை அந்தந்த இடத்திலேயே தம்பி நிறுத்த வேண்டும். கார்டை முடக்கினால் மட்டும் அவை நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது.